நினைவூட்டலில் இருக்கும் குத்தலை எடுப்பது: அறிகுறி வாரியாக

கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு மாதத்தின் முதல் பத்துப் பதினோரு நாளும் நினைவூட்டல் எழுதுவதிலேயே போகும். கிளையிலிருந்து பில் பட்டியல் வர வேண்டும், கிடங்கிலிருந்து சரக்கு விவரம் வர வேண்டும். யாராவது ஒருவர் மாதாமாதம் தாமதம் செய்வார். எங்கள் அலுவலகத்தில் இளையவர்கள் இந்த மாதிரிச் செய்திகளை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. வேறு வேறு ஆள் எழுதினாலும் கோளாறு ஒன்றுதான். கோபத்தை நேராகச் சொல்லாமல் மரியாதைக்குள் பொதிந்து வைத்திருப்பார்கள், கேட்க வேண்டியதை மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வழிமுறை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். மின்-விலைப்பட்டியல் கட்டாயமில்லாத ஒரு சிறிய வியாபார நிறுவனம். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறார்கள். கிளையில் பில் போடுபவர் போன மாத பில் பட்டியலை 5-ஆம் தேதிக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். 11-ஆம் தேதிக்குள், விற்பனை பில் விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் ஆக வேண்டும். அதில் சேராத பில், எந்த வரியை வரவு எடுக்கலாம் என்று சரக்கு வாங்கியவருக்குக் காட்ட 14-ஆம் தேதி வரும் 2பி அறிக்கையில் இருக்காது. அவரால் அந்த மாதம் அந்த வரியை வரவு எடுக்க முடியாது, நமக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைப்பார். ஆகவே தாமதத்துக்கு உண்மையான விலை உண்டு. நினைவூட்டல் எழுதுபவர் வயதில் சிறியவர், கிளையில் இருப்பவரை எப்போதும் ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்.

தொடங்கும் முன் ஒன்று. குத்தலை எடுக்கும்போது கண்டிப்பையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். பலரும் செய்தியை ‘நல்லபடியா’ மாற்றுகிறேன் என்று தேதியையே கரைத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் அதே தாமதம், முன்னைவிட அதிகக் கோபம், முன்னைவிடக் கூரான செய்தி.

## அறிகுறி 1: பதில் வருகிறது, வேலை வரவில்லை

‘ஓகே’, ‘பாக்கறேன்’, இல்லையென்றால் ஒரு கட்டைவிரல். அதோடு சரி.

### முதலில்: எது, எப்போது என்று இருக்கிறதா?

இதுதான் மிக எளிய காரணம், அடிக்கடி இருப்பதும் இதுதான். செய்தியை நிறுவனத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் படிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பட்டியல், எந்த மாதத்துக்கு, எந்தத் தேதி, எத்தனை மணிக்குள் என்று அவருக்குப் புரியுமா?

> அண்ணா, அந்த லிஸ்ட் கொஞ்சம் பாருங்க. டைம் கிடைக்கும்போது அனுப்புங்க.

இதில் தேதியே இல்லை. ‘டைம் கிடைக்கும்போது’ என்பதை மரியாதைக்காக எழுதியிருக்கிறார். ஆனால் படிப்பவருக்கு அது அனுமதி. அவர் அந்த அனுமதியை எடுத்துக்கொண்டதும் எழுதியவருக்குக் கோபம் வருகிறது. அடுத்த செய்தியில் குத்தல் முளைப்பது இங்கிருந்துதான். ‘சீக்கிரம்’, ‘இந்த வாரத்துக்குள்ள’, ‘கொஞ்சம் அர்ஜென்ட்’ எல்லாம் இதே வகை. எடுத்துவிட்டு ‘5-ஆம் தேதி சாயங்காலம் 4 மணிக்குள்ள’ என்று போடுங்கள்.

### அடுத்து: தேதி இருக்கிறது, கேள்வி இல்லை

‘5-ஆம் தேதிக்குள்ள வந்தா நல்லா இருக்கும்’, ‘முடிஞ்சா அனுப்பலாமே’ என்று எழுதினால் தேதி இருந்தும் பயனில்லை. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ‘அனுப்புங்க’ என்று சொன்னாலே போதும். அந்த ‘ங்க’விலேயே தேவையான மரியாதை இருக்கிறது. அதற்கு மேல் ‘வந்தா நல்லா இருக்கும்’ என்று இழுத்தால், ‘இதைக்கூட நான் சொல்ல வேண்டியிருக்கு’ என்ற தொனி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

### கடைசியாக: தேதி பொய்யான தேதி

இதைச் சரிசெய்வதுதான் கடினம். போன மாதம் 5-ஆம் தேதி தாண்டியபோது என்ன ஆயிற்று என்று பாருங்கள். 9-ஆம் தேதி வரை ஒன்றும் ஆகவில்லை என்றால், உங்கள் 5-ஆம் தேதிக்கு மதிப்பில்லை என்பது கிளையில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். அவர் தவறு செய்வதாக நினைக்கவே மாட்டார்.

இதற்கு வார்த்தையை மாற்றிப் பயனில்லை, தேதியைத்தான் மாற்ற வேண்டும். பில்களைச் சரிபார்க்க மூன்று நாள் வேண்டும், தாக்கல் 11-ஆம் தேதி என்றால், உண்மையான கடைசி நேரம் 8-ஆம் தேதி மதியம். அதைக் காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் தெரிந்த தேதியைத் தள்ளிப்போட ஆட்கள் யோசிப்பார்கள். 5-ஆம் தேதிதான் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். இல்லாத காரணத்தை உருவாக்காதீர்கள், ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

## அறிகுறி 2: பதில் சண்டையாக வருகிறது

‘நான் என்ன இங்க சும்மாவா உட்கார்ந்திருக்கேன்?’ ‘என்ன இப்படி எழுதியிருக்கீங்க?’ பட்டியலைப் பற்றிய பேச்சே காணோம், முழுக்க உங்கள் செய்தியைப் பற்றித்தான் பேச்சு. என்னிடம் வரும் செய்திகளில் பெரும்பகுதி இந்த ரகம் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கீழே இருப்பது அப்படிப்பட்ட ஒரு வரைவு. தேதி ஜூலை 6.

> வணக்கம் சார். ஜூன் மாத பில் லிஸ்ட் இன்னும் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தேன். தாங்கள் பிஸியாக இருப்பீர்கள் என்று புரிகிறது. ஆனாலும் இந்த மாதமாவது நேரத்துக்கு அனுப்பினால், போன மாதம் போல கடைசி நாள் ராத்திரி நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்காது. தொந்தரவுக்கு மன்னிக்கவும் 🙏

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ‘தப்பா ஒண்ணுமே எழுதலையே’ என்று எழுதியவர் உண்மையாகவே நம்புவார். எளிதான இடத்திலிருந்து தொடங்குவோம்.

### ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சொற்களைத் தேடுங்கள்

தமிழில் குத்தல் பெரும்பாலும் பெரிய சொற்களில் இருக்காது. சொல்லின் வாலில் இருக்கும். ‘இந்த மாதம்’ என்றால் தகவல், ‘இந்த மாதமாவது’ என்றால் குற்றச்சாட்டு. ‘நான் பார்த்தேன்’ என்பது செய்தி, ‘நானே பார்த்தேன்’ என்பது புகார். ‘இன்றைக்கும் வரவில்லை’ என்பதில் இருக்கும் அந்த ‘ம்’ மட்டும் நேற்றையும் முந்தாநாளையும் இழுத்து வந்து நிறுத்திவிடுகிறது. ‘ஒரு மெயில் கூட’, ‘சொன்னேன் தானே’, ‘மறந்துட்டீங்க போல’ எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

சோதனை எளிது. செய்தியில் ஆவது, நானே, நீங்களே, கூட, தானே, போல, இன்னும், மறுபடியும், ஏற்கெனவே ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எடுத்துவிட்டுப் படியுங்கள். பொருள் அப்படியே இருந்தால் அந்தச் சொல் அங்கே கோபத்துக்காக மட்டும் வந்திருக்கிறது, திரும்ப வைக்காதீர்கள். பொருள் மாறினால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே முதல் வாக்கியத்தில் வரும் ‘இன்னும் வரவில்லை’ அப்படித்தான். பட்டியல் வரவில்லை என்ற நிலையைச் சொல்வதற்கு அது தேவைப்படுகிறது, ஒரு தடவைக்குப் பரவாயில்லை.

### கூப்பிடும் விதம் மாறியிருக்கிறதா?

நேற்று வரை ‘அண்ணா’. இன்றைக்குத் திடீரென்று ‘வணக்கம் சார்’, ‘தாங்கள்’. படிப்பவர் மற்ற எதையும் படிப்பதற்கு முன்னாலேயே இதைப் பிடித்துவிடுவார். நம் ஊரில் மரியாதையைக் கூட்டுவது தள்ளி நிறுத்துவதற்கும் ஒரு வழி என்பது எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் கேட்டால் ‘மரியாதையாத்தானே எழுதினேன்’ என்பார், அதை மறுக்கவும் முடியாது. அதனால்தான் அது அவ்வளவு வலிக்கிறது.

நேரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே எழுதுங்கள். அண்ணா என்றால் அண்ணா, அக்கா என்றால் அக்கா, மேடம் என்றால் மேடம். எதிர்ப்பக்கமும் கவனம் தேவை. எப்போதும் ‘சார்’ என்று கூப்பிடும் ஒருவரைக் காரியம் ஆக வேண்டிய நாளில் மட்டும் ‘அண்ணா’ என்றால் அதுவும் உறுத்தும்.

### போன மாதக் கதை

‘ஏற்கெனவே இரண்டு முறை’, ‘போன மாதம் போல’. இவை உண்மையாகவே இருக்கலாம். உண்மையா இல்லையா என்பது இங்கே கேள்வி இல்லை. இந்தச் செய்தியின் வேலை ஜூன் பட்டியலை வாங்குவது. போன மாதத்தை எழுதினால், போன மாதம் ஏன் அப்படி ஆயிற்று என்று அவர் விளக்கத் தொடங்குவார். நீங்களே கேள்வி கேட்டிருக்கிறீர்கள், அவர் பதில் சொல்கிறார். பட்டியல் நடுவில் காணாமல் போய்விடும்.

போன மாதத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேச வேண்டும். ஆனால் அது தனிப் பேச்சு, தாக்கல் முடிந்த பிறகு, 12-ஆம் தேதி வாக்கில், நேரிலோ போனிலோ. அதற்கு அறிகுறி 5-இல் வருகிறேன்.

### அவர் மனதுக்குள் போய்ப் பார்ப்பது

‘பிஸியாக இருப்பீர்கள் என்று புரிகிறது’, ‘மறந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்’. இரக்கமாக எழுதியது போலத் தோன்றும். ஆனால் அடுத்த வாக்கியம் ‘ஆனாலும்’ என்று தொடங்கினால் அந்த இரக்கம் அங்கேயே கலைந்துவிடும். ‘ஆனாலும்’, ‘இருந்தாலும்’ என்று தொடங்கும் வாக்கியங்களுக்கு முன்னால் இருப்பதை அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் எந்த நஷ்டமும் இருக்காது.

உண்மையிலேயே அவருக்கு என்ன தடை என்று தெரிய வேண்டுமானால் ஊகிக்காமல் கேளுங்கள்: ‘ஏதாவது தடையா இருக்கா?’

### மன்னிப்பும் கும்பிடும்

‘தொந்தரவுக்கு மன்னிக்கவும் 🙏’. தாமதம் செய்தது அவர், மன்னிப்புக் கேட்பது நீங்கள். இதைப் படிக்கும் யாருக்கும், ‘மன்னிப்பு நீதான் கேட்க வேண்டும்’ என்று சொல்வதாகத்தான் படும். கூப்பிய கை ஒரு நல்ல சமயத்தில் நன்றியாக இருக்கும், இந்த இடத்தில் பெருமூச்சாக இருக்கும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். செய்தி மன்னிப்புக் கேட்டு முடிய வேண்டியதில்லை, பட்டியலைக் கேட்டதோடு முடிந்தால் போதும்.

### திருத்திய பிறகு

> அண்ணா, ஜூன் பில் லிஸ்ட் இன்னும் எனக்கு வரல. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 போடணும், பில்லைச் சரிபார்க்க மூணு நாள் வேணும். அதனால 8-ஆம் தேதி மதியம் 1 மணிக்குள்ள அனுப்புங்க. முழுசா முடியலன்னா முடிஞ்ச வரைக்கும் அனுப்பிட்டு, மீதி எத்தனை பில்லுன்னு சொல்லுங்க. ஏதாவது தடையா இருந்தா இன்னைக்கே போன் பண்ணுங்க.

முதல் வரைவைவிட இது கண்டிப்பானது என்பதைக் கவனியுங்கள். அதில் தேதியே இல்லை, இதில் மணி வரைக்கும் இருக்கிறது. ‘முழுசா முடியலன்னா’ என்ற வரியை நான் எப்போதும் சேர்க்கச் சொல்வேன். பாதிதான் முடிந்திருக்கிறது என்று வெட்கப்பட்டே பலர் வாயைத் திறப்பதில்லை. 60 பில்லில் 50 கையில் வந்துவிட்டால் சரிபார்க்கும் வேலையைத் தொடங்கிவிடலாம், மீதி 10-க்கு மட்டும் துரத்தினால் போதும்.

தாமதத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமானால் அதையும் தகவலாகச் சொல்லலாம்: ‘இதுல வராத பில், வாங்கினவங்களுக்கு 14-ஆம் தேதி 2பி-ல வராது. பேமென்ட்டை நிறுத்திடுவாங்க.’ அதன் பின்னால் ‘அப்புறம் யார் பதில் சொல்றது’ என்று சேர்த்தால் மிரட்டலாகிவிடும். நடக்கப்போவதைச் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

அனுப்பும் முன் கடைசிச் சோதனை: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் என்ன பதில் சொல்ல முடியும் என்று பாருங்கள். ‘8-ஆம் தேதி மதியம் அனுப்புங்க’ என்றால் ‘சரி’ அல்லது ‘முடியாது, 9-ஆம் தேதி’ என்று பதில் வரும். ‘ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தேன்’ என்பதற்குச் சாக்கைத் தவிர வேறு பதிலே இல்லை. சாக்கை மட்டும் வரவழைக்கும் வாக்கியத்தை வெட்டிவிடுங்கள்.

### சண்டை ஏற்கெனவே தொடங்கிவிட்டால்

எழுத்தில் பதில் சொல்லாதீர்கள். என்ன எழுதினாலும் அதே கண்ணோடுதான் படிப்பார். போன் செய்து, ‘அண்ணா, நான் எழுதினது தப்பா பட்டிருக்கு. எனக்கு லிஸ்ட்தான் வேணும், எப்ப தர முடியும்?’ என்று கேளுங்கள். ‘நான் அப்படி நினைச்சு எழுதல, நீங்கதான் அப்படி எடுத்துக்கிட்டீங்க’ என்று மட்டும் சொல்ல வேண்டாம். அது முதல் செய்தியைவிட மோசம்.

## அறிகுறி 3: நீலக்குறி வந்துவிட்டது, பதில் இல்லை

### குழுவில் போட்டிருக்கிறீர்களா?

இதை முதலில் பாருங்கள். ‘சிலர் இன்னும் லிஸ்ட் தரவில்லை. தாமதிப்பவர்களால் மற்றவர்களின் வேலையும் பாதிக்கப்படுகிறது’ என்று அலுவலகக் குழுவில் போட்டால், யாரைச் சொல்கிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் மட்டும் இல்லை. பெயர் இல்லாததால் அவரால் பதில் சொல்ல முடியாது. பதில் சொன்னால் ‘அந்தச் சிலர் நான்தான்’ என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் பார்ப்பார், பேசாமல் இருந்துவிடுவார். நேரத்துக்குத் தந்த நான்கு பேரும் தங்களைச் சொல்கிறார்களோ என்று சங்கடப்படுவார்கள்.

ஒருவர் தர வேண்டியிருந்தால் அவருக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். குழுவில் போட வேண்டியது எல்லோருக்கும் பொதுவான தேதி மட்டும், அதுவும் மாதத் தொடக்கத்தில், யாரும் தவறுவதற்கு முன்.

### பழைய செய்தியின் மேல் ஒரு கேள்விக்குறி

மூன்று நாள் முன்பு அனுப்பியதையே மேற்கோள் காட்டி வெறும் ‘?’ போடுவது, ‘பார்த்துட்டீங்கன்னு தெரியுது’ என்று எழுதுவது, மூன்று புள்ளி வைத்து நிறுத்துவது எல்லாம் பேசாமலே திட்டுவதுதான். திட்டு வாங்கியவருக்குப் பதில் எழுதும் ஆசை இருக்காது. கேட்டதையே புதிய வாக்கியமாக, புதிய தேதியோடு முழுதாக எழுதுங்கள். அவர் மேலே போய்த் தேட வேண்டிய அவசியமும் இருக்காது.

### இரண்டும் இல்லை என்றால்

எழுத்தை விட்டுவிட்டு போன் செய்யுங்கள். கிளையில் பில் போடும் இடத்தில் காலை 11 மணிக்கு லாரி வந்து நிற்கும்போது வாட்ஸ்அப் பார்த்துவிட்டு மறந்துபோவது சாதாரணம். அவருக்கு எந்த நேரம் ஓய்வு என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் பேசிய தேதியை ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள்: ‘அண்ணா, பேசினபடி 8-ஆம் தேதி மதியம் 1 மணி.’ ‘பேசினபடி’ என்ற சொல் அவர் ஒப்புக்கொண்ட பேச்சுக்கு மட்டும். அவர் ஒப்புக்கொள்ளாததற்கு அதைப் போட்டால் பொறி வைத்தது போல ஆகிவிடும்.

## அறிகுறி 4: வார்த்தையில் ஒன்றுமில்லை, ஆனாலும் குத்துகிறது

அப்படியென்றால் கோளாறு செய்திக்கு வெளியே. மூன்று இடம் பாருங்கள்.

மெயிலில் சிசி-யில் மேலாளர் பெயர் இருக்கிறதா? முதல் நினைவூட்டலிலேயே இருந்தால், உள்ளே எவ்வளவு இனிமையாக எழுதினாலும் அவர் படிப்பது அந்தப் பெயரை மட்டும்தான். எடுத்துவிடுங்கள்.

அனுப்பிய நேரம் என்ன? ராத்திரி 11 மணிக்கு அனுப்பினால், ‘நான் இன்னும் வேலை செஞ்சிட்டிருக்கேன்’ என்பதும் சேர்ந்தே போய்ச் சேரும். ராத்திரி எழுதினாலும் காலையில் அனுப்புங்கள். மெயிலில் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது.

வழக்கமாகத் தமிழில் பேசும் ஒருவருக்குத் திடீரென்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறீர்களா? ‘ஜென்டில் ரிமைண்டர்’ என்ற தலைப்பு நம் அலுவலகங்களில் பல வருடமாகப் புழங்கி அதன் மென்மை எல்லாம் தேய்ந்துபோய்விட்டது. தலைப்பில் ‘ஜூன் பில் லிஸ்ட்: ஜூலை 8 மதியம் 1 மணி’ என்று போடுங்கள். திறக்காமலே அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

## அறிகுறி 5: செய்தி சுத்தம், தேதி மட்டும் தவறிக்கொண்டே இருக்கிறது

மேலே சொன்ன எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டீர்கள், தேதியும் காரணமும் தெளிவாக இருக்கிறது, அவரும் ‘சரி’ என்று ஒப்புக்கொண்டார், அப்படியும் வரவில்லை. இனி வார்த்தையைத் திருத்திக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. கோளாறு வேலையில் இருக்கிறது.

### அவர் வேறு யாருக்காவது காத்திருக்கிறாரா?

12-ஆம் தேதி வாக்கில், தாக்கல் அவசரம் முடிந்த பிறகு, உட்கார்ந்து கேளுங்கள்: ‘அண்ணா, ரெண்டு மாசமா லிஸ்ட் 10-ஆம் தேதிதான் வருது. எங்க மாட்டிக்குது?’ போன மாதக் கதையைப் பேசும் இடம் இதுதான். ‘ரெண்டு மாசமா 10-ஆம் தேதி’ என்று தேதியைச் சொல்லுங்கள். ‘எப்பவுமே லேட்’ என்று சொல்லாதீர்கள். ‘எப்பவுமே’ என்றால் அவர் நேரத்துக்குத் தந்த ஒரு மாதத்தை எடுத்துக் காட்டுவார், பேச்சு அதிலேயே முடிந்துபோகும்.

பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். வெளியூருக்குச் சரக்கு எடுத்துப்போகும் வண்டியோடு பில் புத்தகமும் போய் 6-ஆம் தேதிதான் திரும்பி வருகிறது, இல்லையென்றால் மாதத்தின் கடைசி இரண்டு நாளில்தான் பாதி பில் விழுகிறது. முதலாவதற்குப் பில்லை அன்றன்றைக்குப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். இரண்டாவதற்கு 25-ஆம் தேதி வரையிலான பட்டியலை 26-ஆம் தேதியே வாங்கிவிடலாம், மிச்சம் ஐந்தாறு நாள் பில்தான் அடுத்த மாதம் வர வேண்டியிருக்கும்.

### அவர் வேலைப் பளு பற்றிச் சொன்னால்

வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருக்கிறார், இரண்டு ஆள் வேலையை ஒருவரே செய்கிறார் என்று தெரிய வந்தால், அதைத் தீர்ப்பது உங்கள் அதிகாரத்தில் இல்லை. அவர் சம்மதத்தோடு மேலாளரிடம் போக வேண்டிய விஷயம். நீங்களே இரண்டு மாதம் அவர் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு மூன்றாவது மாதம் குத்தலாக எழுதுவதைவிட இது நல்லது.

### மேலாளரைக் கூப்பிட வேண்டிய கட்டம்

என் கணக்கு இது: தெளிவான தேதியோடு அவரே ஒப்புக்கொண்ட நினைவூட்டல் தொடர்ந்து இரண்டு மாதம் பலிக்காமல், உட்கார்ந்து பேசியும் மூன்றாவது மாதம் தவறினால் மேலாளரிடம் போங்கள். தாக்கல் தேதியே கைவிட்டுப் போகும் நிலை என்றால் இத்தனை மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

போவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்: ‘அண்ணா, இதை நம்ம ரெண்டு பேரால முடிக்க முடியல. நாளைக்கு மேனேஜர்கிட்ட பேசப் போறேன், நீங்களும் வாங்க.’ முகத்துக்கு நேரே சொன்னது அவருக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனால் பின்னால் போய்ச் சொன்னார் என்று ஆகாது.

மேலாளருக்கு எழுதும் மெயிலில்தான் அடக்கி வைத்த குத்தல் எல்லாம் மறுபடி எட்டிப் பார்க்கும். ‘பலமுறை வேண்டியும்’, ‘எந்த ஒத்துழைப்பும் இல்லாததால்’ என்றெல்லாம் கை தானாக எழுதும். அங்கேயும் அதே சோதனைகளை ஓட்டுங்கள். தேதிகளை மட்டும் வையுங்கள்:

> ஏப்ரல் பட்டியல்: பேசிய தேதி மே 8, வந்தது மே 10.
> மே பட்டியல்: பேசிய தேதி ஜூன் 8, வந்தது ஜூன் 10 மாலை. 4 பில்கள் அந்த மாதத் தாக்கலில் சேரவில்லை.
> ஜூன் பட்டியல்: பேசிய தேதி ஜூலை 8. இன்று ஜூலை 9, இன்னும் வரவில்லை.
> வெளியூர் பில் புத்தகம் தாமதமாகத் திரும்புவது ஒரு காரணம் என்று அவர் சொன்னார். பில்லைப் போட்டோவாக அனுப்ப ஜூன் 12 அன்று முடிவு செய்தோம், அது நடைமுறைக்கு வரவில்லை.
> பட்டியலை வாங்குவதற்கு வேறு ஏற்பாடு தேவை. நாளை மூவரும் பேசலாமா?

அவர் சொன்ன காரணத்தையும் சேர்த்து எழுதியிருப்பதைப் பாருங்கள். அதை விட்டுவிட்டு எழுதினால், மேலாளர் முன்னால் அவர் முதலில் சொல்லப்போவது அதைத்தான். இந்த மெயிலின் டூ-வில் மேலாளரோடு அவரையும் போட்டு அனுப்புங்கள்.

### மனிதவளப் பிரிவுக்குப் போக வேண்டியது

தாமதத்துக்காக அங்கே போகாதீர்கள், அது மேலாளர் வேலை. நினைவூட்டலுக்குப் பதிலாக ஏச்சு, சாதியையோ ஆணா பெண்ணா என்பதையோ இழுத்துப் பேசுவது, மிரட்டல் என்று ஏதாவது வந்தால் மட்டும் அங்கே போங்கள். அப்போது அந்தச் செய்திகளை அழிக்காமல், பதிலும் எழுதாமல், தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு போக வேண்டும். சிறிய நிறுவனத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லை என்றால் முதலாளியிடம் நேரில்.